செய்திக் கட்டுரையிலிருந்து கோடிட்ட இடத் தேர்வு: ஏழாவது சொல்லை எடுத்தால் போதுமா?

மாலைவகுப்பு

வேலைக்குப் போய்க்கொண்டே மாலையில் தமிழ் படிக்க வரும் பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். இந்தத் தடவை 24 பேர். சிலர் எழுத்திலிருந்து தொடங்கியவர்கள். சிலர் வீட்டில் சரளமாகப் பேசுவார்கள், படிக்கத்தான் தடுமாறுவார்கள். இவர்களை மூன்று பிரிவாகப் பிரிக்க 40 நிமிடத்தில் முடிகிற மாதிரி ஒரு தேர்வு வேண்டும். "ஒரு செய்திக் கட்டுரையை எடு, முதல் வாக்கியத்தை விட்டுவிடு, அப்புறம் ஏழு சொல்லுக்கு ஒரு சொல்லை அழித்துக் கோடு போடு, பொதுவான மொழித்திறன் தெரிந்துவிடும்" என்றார் கூட வேலை பார்ப்பவர். அப்படியே செய்தேன். கட்டுரையின் தொடக்கம் இது:

> ஆற்றின் குறுக்கே உள்ள பழைய பாலத்தில் கனரக வாகனங்கள் செல்ல நேற்று முதல் தடை விதிக்கப்பட்டது. பாலத்தின் மூன்றாவது தூணில் விரிசல் இருப்பதைப் பொறியாளர்கள் கடந்த வாரம் கண்டறிந்தனர். இதையடுத்து லாரிகளும் பேருந்துகளும் புறவழிச்சாலை வழியாகத் திருப்பி விடப்படுகின்றன. இருசக்கர வாகனங்களுக்கு மட்டும் அனுமதி அளிக்கப்பட்டுள்ளது. "மழைக்காலம் தொடங்குவதற்குள் பணியை முடித்துவிடுவோம். அதுவரை பொதுமக்கள் ஒத்துழைக்க வேண்டும்" என்று அதிகாரி ஒருவர் தெரிவித்தார்.

இரண்டாம் வாக்கியத்திலிருந்து எண்ணினால் இந்தப் பகுதியில் கடந்த, வழியாகத், அளிக்கப்பட்டுள்ளது, ஒத்துழைக்க ஆகிய நான்கும் போகின்றன. முழுக் கட்டுரைக்கு 25 கோடுகள். வகுப்பில் கொடுப்பதற்கு முன் இரண்டு தமிழாசிரியர்களிடம் கொடுத்துப் பார்த்தேன். ஒருவர் 17, இன்னொருவர் 19. தமிழாசிரியரே முழு மார்க் வாங்காத தேர்வை மாணவரிடம் எப்படிக் கொடுப்பது?

சரி, எண்ணுவதில் தவறோ என்று இரண்டாவது சொல்லை முதலில் அழித்து, அங்கிருந்து ஏழு ஏழாக எண்ணினேன். இப்போது மூன்றாவது, கண்டறிந்தனர், விடப்படுகின்றன, தொடங்குவதற்குள், என்று ஆகியவை போகின்றன. பார்த்தால் வேறு ஏதோ தேர்வு மாதிரி இருக்கிறது. இதில் எது சரியான தேர்வு?

கணக்குப்புலி

இரண்டுமே சரி. ஏழு என்று முடிவு செய்தபின் ஏழுதான். நடுவில் கை வைக்காதீர்கள். நீங்களே சொல்லைப் பொறுக்க ஆரம்பித்தால், உங்களுக்குப் பிடித்த இலக்கணத்தைச் சோதிக்கும் தேர்வாக அது மாறிவிடும். இயந்திரம் மாதிரி எண்ணி எடுத்தால்தான் மொழியின் எல்லாப் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் வந்து விழும். அதுதான் இந்த முறையின் உயிரே.

திருத்தும்போதும் மூலத்தில் இருந்த சொல்லுக்கு மட்டும் மார்க் போடுங்கள். "இதுவும் பொருந்துகிறதே" என்று இரக்கப்பட ஆரம்பித்தால் அதற்கு முடிவே கிடையாது.

ஆறாம்பெஞ்ச்

எதற்கு இவ்வளவு யோசனை? ஒவ்வொரு கோட்டுக்கும் அ, ஆ, இ, ஈ என்று நான்கு விடை கொடுத்துவிடுங்கள். திருத்துவது சுலபம். என் பையனுக்கு ஆறாம் வகுப்பில் அப்படித்தான் வருகிறது. பாடத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்தாலே போதும், முழு மார்க்.

மாலைவகுப்பு

நன்றி. ஆனால் இது படித்த பாடத்திலிருந்து கேட்கும் கேள்வி இல்லை. அவர்கள் முன்னால் பார்க்காத கட்டுரை. பாடம் நினைவிருக்கிறதா என்று பார்க்கவில்லை, மொழி எவ்வளவு தெரியும் என்று பார்க்கிறேன். நான்கு விடை கொடுத்தால் அவர்கள் செய்வது தேர்ந்தெடுக்கும் வேலைதான். சொல்லை அவர்களே மனதிலிருந்து எடுக்க வேண்டும் என்பதுதான் என் நோக்கம்.

ஒற்றெழுத்து

இந்த வேலையில் பல வருடம் இருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்த 17, 19 பற்றி. அதில் பயப்பட ஒன்றுமில்லை. 1953-இல் வில்சன் டெய்லர் இதை உருவாக்கியபோது ஆளைச் சோதிப்பது அவர் நோக்கமே இல்லை. ஒரு கட்டுரை வாசகருக்கு எவ்வளவு எளிது என்று அளக்கத்தான் அவர் இதைக் கொண்டுவந்தார். பலரிடம் கொடுத்து, மூலச் சொல்லை எத்தனை பேர் சரியாக எழுதினார்கள் என்று எண்ணினால் கட்டுரையின் கடினம் தெரிந்துவிடும். அங்கே யாரும் முழு மார்க் வாங்க வேண்டியதே இல்லை. பிறகு 1970களில் ஜான் ஓலர் போன்றவர்கள் அதே கருவியைத் திருப்பி, ஆளை அளக்கப் பயன்படுத்தினார்கள். அடுத்து என்ன வரும் என்று எதிர்பார்க்கும் திறமைதான் மொழித்திறனின் அடிப்படை, அது ஒரே திறமை, அதை இந்தத் தேர்வு பிடித்துவிடும் என்பது அவர் வாதம். உங்கள் நண்பர் சொன்ன "பொதுவான மொழித்திறன்" அங்கிருந்து வந்ததுதான்.

உங்கள் ஆசிரியர்கள் விட்ட கோடுகளில் என்ன எழுதியிருந்தார்கள் என்று பாருங்கள். "கடந்த வாரம்" இருந்த இடத்தில் "சென்ற வாரம்" என்றும், "அளிக்கப்பட்டுள்ளது" இருந்த இடத்தில் "வழங்கப்பட்டுள்ளது" என்றும் இருக்கும் என நினைக்கிறேன். இவை தவறா?

கணக்குப்புலி சொன்னதில் பாதி சரி. எண்ணி எடுத்தால் தேர்வு அமைப்பவரின் விருப்பு வெறுப்பு குறையும். ஆனால் எங்கிருந்து எண்ணத் தொடங்கினாலும், எத்தனைக்கு ஒன்று எடுத்தாலும் ஒரே தேர்வுதான் என்பது உண்மையில்லை. இதைச் சார்ல்ஸ் ஆல்டர்சன் 1979-லேயே காட்டிவிட்டார். எண்ணும் இடைவெளியை மாற்றினால் கிடைப்பது வேறு தேர்வு, அது அளப்பதும் வேறு. தொடங்கும் இடத்தை மாற்றினாலே தேர்வு மாறுவதை மாலைவகுப்பு தன் கண்ணாலேயே பார்த்துவிட்டார்.

இப்போது உங்கள் பத்தியையே எடுத்துக்கொள்வோம். இரண்டாவது சொல்லில் தொடங்கினால் "மூன்றாவது தூண்" போகிறது. பாலத்தைப் போய்ப் பார்த்தவரைத் தவிர வேறு யாருக்கும் அது எத்தனையாவது தூண் என்று தெரியாது. அங்கே மொழித்திறனுக்கு வேலையே இல்லை. அதே பத்தியில் ஐந்தாவது சொல்லில் தொடங்கிப் பாருங்கள். இருப்பதை, பேருந்துகளும், மட்டும், அதுவரை, தெரிவித்தார் போகின்றன. "அதுவரை" என்பதைப் பிடிக்க முந்தைய வாக்கியத்தில் இருக்கும் "தொடங்குவதற்குள் முடித்துவிடுவோம்" என்பதை மனதில் வைத்திருக்க வேண்டும். "மட்டும்" என்று எழுத, லாரிகளுக்குத் தடை இருப்பது புரிந்திருக்க வேண்டும். ஒரே கட்டுரை, ஒரே இடைவெளி. ஒன்றில் ஊகப் போட்டி, இன்னொன்றில் நல்ல கேள்விகள். சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி தேர்வை அமைக்க எனக்கு மனம் வருவதில்லை.

கணக்குப்புலி

ஆங்கிலத்தில் இத்தனை வருடம் இப்படித்தான் செய்கிறார்கள். அங்கே சரியாக வருவது இங்கே மட்டும் ஏன் வராது?

ஒற்றெழுத்து

ஆங்கிலத்தில் வேற்றுமை, இடம், உடைமை எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் குட்டிச் சொற்கள் உண்டு. ஏழாவது சொல்லை எடுத்துக்கொண்டே போனால் அவற்றில் நிறையச் சிக்கும். அவற்றை நிரப்பத் தேவைப்படுவது இலக்கணம். சொல்வளம் பெரிதாக வேண்டாம். நம்மிடம் அந்த வேலையெல்லாம் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "பாலத்தின்" என்று ஒரு சொல்லை அழித்தால் பெயர், சாரியை, உருபு மூன்றும் சேர்ந்து போய்விடுகின்றன. "முடித்துவிடுவோம்" போனால் வினை, துணைவினை, காலம், ஆள் எல்லாம் ஒரே கோட்டில். அதனால் தமிழில் ஏழுக்கு ஒன்று என்பது ஆங்கிலத்தில் ஏழுக்கு ஒன்று எடுப்பதை விடக் கடினமானது. ஒரு கோட்டுக்குள் மூன்று கேள்வி இருக்கும், மார்க் ஒன்றுதான் இருக்கும்.

மாணவர் "முடிப்போம்" என்று எழுதினால் என்ன செய்வீர்கள்? வினையும் ஆளும் காலமும் சரி. துணைவினை இல்லை. அதனால் பொருள் கெடவில்லை. மூலச் சொல்லுக்கு மட்டும்தான் மார்க் என்றால் இவரும், வெறும் கோட்டை விட்டுப் போனவரும் ஒன்றாகிவிடுவார்கள்.

பிழைதிருத்தி

நான் மொழி ஆசிரியர் இல்லை. நாளிதழில் பிழை திருத்தும் வேலை. செய்திக் கட்டுரை பற்றி மட்டும் ஒன்று சொல்லலாமா?

செய்தியின் முதல் வாக்கியத்திலேயே முழுக் கதையும் வந்துவிடும். பிறகு வருவதெல்லாம் விவரம். பக்கத்தில் இடம் போதாவிட்டால் நாங்கள் அடியிலிருந்துதான் வெட்டுவோம். வெட்டினாலும் செய்தி கெடக்கூடாது என்பதற்காகக் கடைசிப் பத்திகளை ஒன்றையொன்று சாராமல் எழுதுவார்கள். ஆகவே கட்டுரையின் பின்பாதியில் கோடு போட்டால் முன்னே படித்ததற்கும் அந்தக் கோட்டுக்கும் பெரிய தொடர்பு இருக்காது. மேலே ஒருவர் சொன்ன "அதுவரை" மாதிரி கேள்வி அங்கே கிடைப்பது அரிது. கிடைப்பதெல்லாம் "பாலம் கட்டப்பட்டு இத்தனை ஆண்டுகள் ஆகின்றன" வகைதான்.

மாலைவகுப்பு

ஐயோ, அப்படியே நடந்தது. என் 25 கோடுகளில் ஒன்று பாலம் கட்டிய ஆண்டின் மேலேயே விழுந்திருக்கிறது. இரண்டு ஆசிரியர்களும் அங்கேதான் திகைத்தார்கள். பொருந்துகிற சொல்லுக்கெல்லாம் மார்க் போட்டு மறுபடி திருத்தினேன். இருவருக்கும் 24 வந்தது. விட்ட ஒன்று அந்த ஆண்டு.

ஒரு சந்தேகம். முதல் வாக்கியத்தில் முழுக் கதையும் இருக்கிறது என்றால், பின்னால் வரும் கோடுகளுக்கு விடை மேலேயே கண்ணில் படுமே?

பிழைதிருத்தி

படும். "பாலத்தில்", "வாகனங்கள்", "தடை" எல்லாம் மேலே இருக்கின்றன. கீழே அதே சொல்லை அழித்தால் பார்த்து எழுதிவிடுவார்கள். முழுதாகப் புரியாதவர்கூட எது இரண்டு தடவை வருகிறது என்று கண்ணால் தேடிக் கண்டுபிடித்துவிடுவார்.

இன்னொன்று, என் தொழில் புத்தி. "இருப்பதைப் பொறியாளர்கள்" என்று இருக்கிறதே, அதில் பொறியாளர்களை அழித்தீர்கள் என்று வையுங்கள். "இருப்பதைப் ____" என்று நிற்கும். அந்தப் "ப்" எதற்கு நிற்கிறது? ப-வில் தொடங்கும் சொல்லுக்கு. விடையின் முதல் எழுத்தை நீங்களே சொல்லிக் கொடுத்த மாதிரி. அதைவிட மோசம், நன்றாகத் தெரிந்த ஒருவர் "அதிகாரிகள்" என்று எழுத நினைத்து, "ப் இருக்கிறதே, இது பொருந்தாதே" என்று குழம்பி நிற்பார். தெரியாதவர் கவலையில்லாமல் "அதிகாரிகள்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்.

ஒற்றெழுத்து

பிழைதிருத்தி, அருமை. என் பெயரையே ஒற்றெழுத்து என்று வைத்துக்கொண்டு இதை முதல் பதிவிலேயே சொல்லாமல் விட்டுவிட்டேன். கோட்டுக்கு முன்னால் வல்லொற்று நின்றால் அந்தக் கோட்டை வேறு சொல்லுக்கு மாற்றிவிடுவதே நல்லது. ஒற்றை மட்டும் எடுத்துவிடலாம் என்று சிலர் செய்வார்கள். அப்போது எழுத்துப் பிழையுள்ள தாளை நாமே மாணவர் கையில் கொடுக்கிறோம். மறுபக்கமும் உண்டு. "வழியாகத்" என்ற சொல்லையே அழித்தால் மாணவர் "வழியாக" என்று எழுதுவார். ஒற்று விடுபட்டதற்கு மார்க் குறைக்கக் கூடாது. நீங்கள் அங்கே சந்தியைச் சோதிக்கவில்லை.

மாலைவகுப்பு, என் யோசனை இது. எண்ணி எடுப்பதைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கோடு விழுந்த இடத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். இந்தக் கோட்டை நிரப்ப வாசகர் எவ்வளவு தூரம் பார்க்க வேண்டும்? பக்கத்துச் சொல்லை மட்டும் பார்த்தால் போதுமா, முழு வாக்கியமுமா, முந்தைய வாக்கியமுமா? எங்கே பார்த்தாலும் கிடைக்காது என்றால் அந்தக் கோட்டை ஒன்றிரண்டு சொல் முன்னாலோ பின்னாலோ நகர்த்துங்கள். "கடந்த வாரம்" பக்கத்துச் சொல் வகை. "விரிசல் ____ பொறியாளர்கள் கடந்த வாரம் கண்டறிந்தனர்" என்பதில் முழு வாக்கியமும் வேண்டும். கண்டறிந்தனர் என்ற வினை கடைசியில் வருவதால், அதைப் பார்த்தவருக்குத்தான் கோட்டில் "ஐ" உருபு வேண்டும் என்று புலப்படும். "அதுவரை" முந்தைய வாக்கியத்தைக் கேட்கிறது. மூன்று வகையும் கலந்து இருக்கட்டும். இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஐந்து சொல்லாவது இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒரு கோட்டைத் தவறவிட்டவர் அடுத்ததையும் தவறவிடுவார். கோடுகள் எல்லாம் ஒரே நீளத்தில் இருக்கட்டும்.

அப்புறம், தமிழ் நன்றாகப் படிக்கிற பத்துப் பேரிடம் முதலில் கொடுங்கள். அவர்கள் எழுதியதுதான் உங்கள் விடைத்தாள். பத்தில் மூன்று பேருக்கு மேல் திணறினால் அந்தக் கோடு வேண்டாம். மூன்று பேர் என்பது என் பழக்கம்தான், அதற்குச் சாத்திரம் எதுவும் இல்லை.

கணக்குப்புலி

அப்படியானால் ஒப்புக்கொள்ளுங்கள், நீங்கள் செய்வது பொறுக்கி எடுத்த தேர்வு. அதற்குப் "பொது" என்று பெயர் வைக்கக் கூடாது.

ஒற்றெழுத்து

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "பொது" என்ற பெயரை ஓலரே காப்பாற்றவில்லை. எல்லாம் ஒரே திறமை என்ற வலுவான வாதத்தை அவர் 1980களின் தொடக்கத்திலேயே தளர்த்திக்கொண்டார். ஏழுக்கு ஒன்று எடுத்தாலும் அந்தப் பெயர் தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது.

தாமதமாகப்படித்தவள்

நான் இந்தக் கேள்விக்கு வெளியே இருப்பவள், ஆனால் தேர்வு எழுதியவள். வீட்டில் தமிழ்தான் பேசுவோம். எழுதப் படிக்க முப்பது வயதுக்குமேல் கற்றேன். ஒரு வகுப்பில் சேரும்போது இதே மாதிரி தாள் கொடுத்தார்கள். "____ வாரம்" என்ற இடத்தில் "போன" என்று எழுதினேன். தவறு. "தெரிவித்தார்" வர வேண்டிய இடத்தில் "சொன்னார்" என்று எழுதினேன். தவறு. கடைசியில் என்னை அடிப்படைப் பிரிவில் போட்டார்கள். முதல் நாளே ஆசிரியர் எங்களிடம் "உங்கள் பெயர் என்ன என்று கேட்கப் பழகுவோம்" என்றார். பக்கத்தில் இருந்தவர் நிஜமாகவே அப்போதுதான் பேசப் பழகிக்கொண்டிருந்தார். அவர் எந்தப் பிரிவுக்கு உரியவரோ அதே பிரிவுக்கு நானும் உரியவளா?

மாலைவகுப்பு

இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். என் வகுப்பில் உங்களைப் போல ஏழு பேர் இருக்கிறார்கள்.

மாலைவகுப்பு

மூன்று வாரம் கழித்து வருகிறேன். செய்து பார்த்துவிட்டேன்.

கட்டுரையின் கடைசி நான்கு பத்திகளை வெட்டினேன். ஆண்டு, எண்ணிக்கை, பெயர் எதன் மேலும் கோடு இல்லை. மொத்தம் 20 கோடுகள். மேலே போட்ட பகுதியில் மட்டும் பார்த்தால் இருப்பதை, மட்டும், அதுவரை, தெரிவித்தார் ஆகிய நான்கும் கோடுகள். "இருப்பதை" முன்னால் "விரிசல்" இருப்பதால் ஒற்றுத் தொல்லை இல்லை. முதலில் "விடப்படுகின்றன" என்பதையும் எடுத்திருந்தேன், ஆனால் அதற்கும் "மட்டும்" என்பதற்கும் நடுவில் இரண்டே சொல் இருந்ததால் விட்டுவிட்டேன்.

பத்துப் பேர் கிடைக்கவில்லை, ஒன்பது பேரிடம் கொடுத்தேன். "இருப்பதை" இருந்த இடத்தில் உள்ளதை, ஏற்பட்டிருப்பதை, விழுந்திருப்பதை எல்லாம் வந்தன. எல்லாவற்றையும் விடைத்தாளில் சேர்த்தேன். "அதுவரை" எழுதியவர்கள் எட்டுப் பேர். ஒருவர் "எனவே" என்று எழுதினார். யோசித்துப் பார்த்தால் அதுவும் பொருந்துகிறது. சேர்த்துவிட்டேன்.

பிறகு வகுப்பில் 24 பேருக்கும் கொடுத்தேன். மொத்த மார்க்கில் மேலே இருக்கும் எட்டுப் பேரையும் கீழே இருக்கும் எட்டுப் பேரையும் எடுத்து, கோட்டுக்குக் கோடு எத்தனை பேர் சரியாக எழுதினார்கள் என்று எண்ணினேன். "அதுவரை": மேலே 7 பேர், கீழே 2 பேர். "இருப்பதை": மேலே 6, கீழே 1. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். ஆனால் "தெரிவித்தார்": மேலே 3, கீழே 6! நன்றாகத் தெரிந்தவர்கள் தவறு செய்து, தெரியாதவர்கள் சரியாக எழுதியிருக்கிறார்கள். இது எப்படி?

ஒற்றெழுத்து

மேலே இருப்பவர்கள் என்ன எழுதினார்கள்? விடையைப் பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது.

மாலைவகுப்பு

தாளை எடுத்துப் பார்த்தேன். மூன்று பேர் "தெரிவித்தார்". மீதி ஐந்து பேரில் நான்கு பேர் "கேட்டுக்கொண்டார்". ஒருவர் எழுதவில்லை. என் விடைத்தாளில் தெரிவித்தார், கூறினார், சொன்னார் மூன்றுதான் இருந்தன. ஒன்பது பேரில் யாருக்கும் "கேட்டுக்கொண்டார்" தோன்றவில்லை.

பிழைதிருத்தி

"பொதுமக்கள் ஒத்துழைக்க வேண்டும் என்று அதிகாரி கேட்டுக்கொண்டார்". என் கையில் வந்திருந்தால் மூலத்தையே அப்படி மாற்றியிருப்பேன். அது வேண்டுகோள், தகவல் இல்லையே.

ஒற்றெழுத்து

அதேதான். கீழே இருப்பவர்கள் "அதிகாரி ஒருவர்" என்பதைப் பார்த்ததுமே செய்தியில் வழக்கமாக வரும் சொல்லை எழுதிவிட்டார்கள். மேலே இருப்பவர்கள் மேற்கோளை உண்மையிலேயே படித்திருக்கிறார்கள். உங்கள் விடைத்தாள் படித்தவரைத் தண்டித்திருக்கிறது. அந்த நான்கு பேருக்கும் மார்க் கொடுத்துவிட்டு மறுபடி எண்ணுங்கள், 7-க்கு 6 என்று வரும். தலைகீழ் நிலை போய்விடும், ஆனால் அந்தக் கோடு ஆட்களைப் பிரிக்கவும் செய்யாது. அடுத்த தடவை அதை எடுத்துவிடலாம். எட்டுப் பேர் என்பது சின்ன எண்ணிக்கை, ஒருவர் மாறினாலே கணக்கு ஆடும். அதனால் 5-க்கு 4 என்று வருவதை வைத்தெல்லாம் முடிவு செய்யாதீர்கள். இப்படித் தலைகீழாக வருவதை மட்டும் தேடிப் பிடியுங்கள்.

மாலைவகுப்பு

எடுத்துவிடுகிறேன். இன்னும் இரண்டு விஷயம் எனக்குத் தீரவில்லை.

ஒன்று, "இருப்பதை" வர வேண்டிய இடத்தில் ஆறு பேர் "இருப்பது" என்று எழுதியிருக்கிறார்கள். பொருள் புரிந்திருக்கிறது, உருபு இல்லை. அரை மார்க் போடலாமா?

இரண்டு, கீழே இருக்கும் எட்டுப் பேரில் நான்கு பேர் வீட்டில் சரளமாகப் பேசுபவர்கள். தாமதமாகப்படித்தவள் சொன்னது என் வகுப்பிலேயே நடந்துவிட்டது.

கணக்குப்புலி

அரை மார்க் வேண்டவே வேண்டாம். இன்று உருபுக்கு அரை என்றால் நாளை காலத்துக்குக் கால், ஆளுக்குக் கால். இரண்டு பேர் திருத்தினால் இரண்டு மொத்தம் வரும். பிரிவு பிரிக்கத்தானே தேர்வு? சரி அல்லது தவறு, அவ்வளவுதான்.

இங்கே இன்னொன்றும் ஒத்துக்கொள்கிறேன். மூலச் சொல் மட்டும் என்று முதலில் சொன்னேன். "கேட்டுக்கொண்டார்" கதையைப் பார்த்தபின் அந்தப் பிடிவாதத்தை விட்டுவிட்டேன். ஏழாவது சொல்லை விடவில்லை.

ஒற்றெழுத்து

அரை மார்க் விஷயத்தில் நான் அவர் பக்கம்தான், ஆனால் காரணம் வேறு. அந்தக் கோட்டை அங்கே வைத்ததே உருபுக்காக. "இருப்பது" என்பதற்கு அரை மார்க் கொடுத்தால் அந்தக் கேள்வியையே பாதி திரும்ப வாங்கிக்கொண்ட மாதிரி. உருபு தனியாகத் தெரிய வேண்டும் என்றால் வேறு வழி இருக்கிறது. சொல்லின் முன்பாதியை விட்டுப் பின்பாதியை மட்டும் அழியுங்கள். 1980களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் கிளைன்-பிரேலி, ராட்ஸ் இருவரும் இதைச் சி-டெஸ்ட் என்று கொண்டுவந்தார்கள். ஒன்று விட்டு ஒரு சொல்லில் பின்பாதியை எடுத்துவிட்டு, சின்னச் சின்னப் பத்திகளாகக் கொடுப்பார்கள். தமிழுக்கு வாலில்தான் விஷயம் என்பதால் இது நன்றாகவே பொருந்துகிறது. "கண்டறி____" என்று கொடுத்தால் காலமும் ஆளும் மட்டும் மிஞ்சும். "பால____ மூன்றாவது தூணில்" என்றால் பாலத்தின் என்பதுதான் வரும். ஊகத்துக்கு இடம் குறைவு, திருத்துவதும் சுலபம். ஆனால் "அதுவரை" மாதிரி தூரத்திலிருந்து பதில் வரும் கேள்வி அதில் அமைவது கடினம். வாலை மட்டும் பார்த்து நிரப்பிக்கொண்டே போகலாம்.

வீட்டில் பேசுபவர்கள் பற்றி: செய்திக் கட்டுரை அளந்தது எழுத்துத் தமிழை. அதில் அவர்கள் கீழே இருப்பது உண்மை. அதைப் பொதுவான மொழித்திறன் என்று படித்ததுதான் தவறு. அந்த நான்கு பேரையும் எழுத்திலிருந்து தொடங்கியவர்களோடு உட்காரவைக்காதீர்கள். இரண்டாவதாக ஒரு பேட்டியை எடுத்து, பேச்சுநடை கலந்த பத்தியில் பத்துக் கோடு போடுங்கள். இரண்டு தாளிலும் ஒருவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். செய்தியில் 6, பேட்டியில் 9 என்று வருகிறவருக்கும் இரண்டிலும் குறைவாக வருகிறவருக்கும் தேவைப்படும் பாடம் வேறு வேறு.

கணக்குப்புலி

பேட்டியில் கோடு போட்டாலும் அதைப் படித்துத்தானே நிரப்ப வேண்டும்? படிக்கத் தடுமாறுபவர் அங்கேயும் தடுமாறுவார். ஐந்து நிமிடம் நேரில் பேசிப் பார்த்தால் தெரிந்துவிடுகிற விஷயத்துக்கு இன்னொரு தாள் எதற்கு?

ஒற்றெழுத்து

24 பேருக்கு ஐந்து நிமிடம் என்றால் இரண்டு மணி நேரம். அவருக்கு இருப்பது 40 நிமிடம். ஆனால் நீங்கள் சொன்னதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. படிக்கும் வேகம் குறுக்கே வரத்தான் செய்யும். வாசித்துக் காட்டி, கோடு வரும் இடத்தில் மணி அடித்து வாயால் சொல்லச் சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு. நான் செய்ததில்லை.

மாலைவகுப்பு

எல்லோருக்கும் வேண்டாம், அந்த ஏழு பேரிடம் மட்டும் பேசிப் பார்க்கிறேன். 35 நிமிடம். பேட்டித் தாளையும் தயார் செய்கிறேன், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடலாம். பேட்டியில் "போன வாரம்" என்று ஒரு இடம் வருகிறது. அதை அழித்தால் யாராவது "கடந்த" என்று எழுதுவார்கள். மார்க் உண்டா?

தாமதமாகப்படித்தவள்

எனக்குக் கொடுக்காததை அவர்களுக்குக் கொடுப்பீர்களா?

பிழைதிருத்தி

பேட்டியில் யாரும் "கடந்த வாரம் எங்க அம்மா சொன்னாங்க" என்று பேசமாட்டார்கள். நான் அடித்துவிட்டுப் "போன" என்றுதான் திருத்துவேன்.

ஒற்றெழுத்து

நான் மார்க் கொடுப்பேன். இதில் பிழைதிருத்தியோடு ஒத்துப்போக முடியவில்லை.